பாவாவின் சைட் ரீடிங்

எங்கள் பாவா பியானோ பாடத்தின் மூன்றாவது வாரத்திலேயே தடுமாறாமல் சைட் ரீடிங் வாசிக்க ஆரம்பித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது அவ்வளவு சீக்கிரம் வரக்கூடிய வித்தை இல்லை.

பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். லைட் மியூசிக் ட்ரூப்பில் கீபோர்டு. சோளிங்கரிலிருந்து சித்தூர் வரைக்கும் அவர் ஏறாத திருவிழா மேடை குறைவு. எந்தப் பாட்டையும் ஒரு தடவை காதில் வாங்கினால் போதும், அப்படியே வாசித்துவிடுவார். ஆனால் தாளில் எழுதிய நோட்டு ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. அதுவரை அதற்கு அவசியமும் வரவில்லை.

அரக்கோணம் ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் மியூசிக் சார் வேலை காலியானதும் அவசியம் வந்தது. பியானோவில் மூன்றாவது கிரேடு பாஸ் செய்த சர்டிபிகேட் வேண்டும், அரையாண்டு லீவுக்குள் கொண்டுவந்தால் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பாவா அந்த வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று அக்கா பிடித்துக்கொண்டாள். கச்சேரி முடிந்து விடியற்காலையில் தூங்கி வழியும் டிரைவரின் வேனில் வரும் மனுஷனுக்காகக் காத்திருந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

சென்னையில் படித்தபோது நான் ஐந்தாவது கிரேடு வரை முடித்திருந்தேன். இப்போது வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை. முதல் போனஸில் வாங்கிய டிஜிட்டல் பியானோ மாடி அறையில் இருந்தது. போதாதா? பாவா தினம் எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொள்ள, ஒரே ராத்திரியில் கலர் கலராக ஐந்து மாசத் திட்டம் போட்டு பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டேன்.

முதல் இரண்டு மாசம் பாதி நேரம் ஸ்கேல், அதாவது ஒவ்வொரு சுருதியிலும் ஏறி இறங்கும் ஸ்வர வரிசை. தேர்வில் பட்டியலிலிருந்து எதை வேண்டுமானாலும் கேட்பார்கள், தாளைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். பாவாவுக்கு இதுதான் பெரிய மலை. வாழ்நாள் முழுக்க எல்லாப் பாட்டையும் சி மேஜரிலேயே வாசித்தவர். பாடுகிறவர் சுருதியை ஏற்றச் சொன்னால் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். தேர்வில் வாசிக்க வேண்டிய மூன்று பாட்டுகளும் மாசத்துக்கு ஒன்றாகத் தொடங்கும். முதலில் வலது கை தனியாக, இடது கை தனியாக, பிறகு தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து மெதுவாக இரண்டும் சேர்ந்து. நான்காவது மாசம் மெருகு. ஐந்தாவதில் மாதிரித் தேர்வுகள். சைட் ரீடிங் மட்டும் ஐந்து மாசமும் தினம் பத்து நிமிஷம், ஒரு தடவை வாசித்ததை மறுபடி வாசிக்கக்கூடாது. முன்பின் பார்க்காத எட்டு பார், அதாவது எட்டுத் தாளக் கட்டம் உள்ள இசையை, அரை நிமிஷம் பார்த்துவிட்டு வாசிப்பது அது.

ஸ்கேலோடு பாவா மல்லுக்கட்டினார். "இந்தக் கட்டை விரலு எங்கூட்டு விரலே இல்லம்மா, யாரோ வச்சிட்டுப் போயிட்டாங்க" என்பார். முதல் பாட்டு சீக்கிரம் வந்தது.

"யூடியூப்ல பாத்தீங்களா பாவா?"

"ஆங், பாத்தேன். தப்பா?"

தப்பில்லை. ஆனால் சைட் ரீடிங்கை எந்த யூடியூபில் பார்த்தார்? சைட் ரீடிங் புத்தகத்தை போனில் படம் எடுக்கிறார் என்று நினைத்து அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாளும் தண்ணீர் மாதிரி வாசித்தார். கண்ணைக் கவனித்தேன். தாளில் இருந்தது, ஆனால் நகரவில்லை. அக்காவிடம் சொன்னதற்கு அவள் வெடித்தாள்.

"வாசிக்கலன்னா மக்குன்றே, வாசிச்சா திருடன்றே. உனக்கு இன்னாதான்டீ வேணும்?"

எனக்கு விடை வேண்டும். இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பாவாவின் வண்டிச் சத்தம் வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும். மாடிப்படியில் காலடி கேட்க வெகுநேரம் ஆகும். அந்த இடைவெளியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அன்றைக்குக் கொடுக்கப்போகும் எட்டு பாரும் அவருக்குச் சரியான அளவுதானா என்று வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

அடுத்த நாள் வண்டி நின்றதும் ஜி மேஜரில் பாருக்கு மூன்று பீட்டாகப் போகும் இசை ஒன்றை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு அதை எடுத்துவிட்டு, டி மைனரில் நான்கு பீட்டு போகும் சோகமான ஒன்றை ஸ்டாண்டில் வைத்தேன். பாவா வந்தார். அரை நிமிஷம் தாளை உற்றுப் பார்த்தார், மடியில் விரலைத் தட்டினார், உதட்டைக்கூட அசைத்தார். பிறகு நான் முதலில் வாசித்த அந்த மூன்று பீட்டு இசையை ஜோராக வாசித்து, கடைசியில் மேடையில் போடுவதுபோல ஒரு சுழிப்பும் போட்டு நிமிர்ந்தார்.

"பாவா, இதுல ஒரு பாருக்கு எத்தினி பீட்டு?"

"மூணு."

"பேப்பரப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"வண்டிமேலயே உக்காந்துகினு கேட்டுடுவேன்மா. அத்தினி கூட்டத்துல ஒரு நாளும் தடுமாறல. பொண்டாட்டியோட தங்கச்சி முன்னாடி எழுத்துக்கூட்டி வாசின்னா எப்பிடி?"

"பரீட்சை ரூமுக்கு வெளியவும் வண்டிய போடுவீங்களா?"

சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. மொத்த மார்க்கை வைத்துத்தான் பாஸ், ஒவ்வொன்றிலும் தனியாகப் பாஸ் ஆக வேண்டியதில்லை என்று எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். ஸ்கேலிலும் பாட்டிலும் அள்ளிவிடலாம், இதை விட்டுவிடலாம் என்றார். அது உண்மைதான், அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"ஸ்கூல்ல ஒரு பொண்ணு புக்கைத் தூக்கிக்கினு வந்து, சார் இத வாசிச்சுக் காட்டுங்கன்னா? அங்க யாரு உங்களுக்கு மொதல்ல வாசிச்சுக் காட்டுவாங்க?"

பாவா கீழே இறங்கிப் போய்விட்டார். மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வண்டியை நிறுத்தியதும் நேராகப் படியேறினார்.

திட்டத்தைக் கிழித்துவிட்டு மிச்ச மாசங்களுக்குப் புதிதாக ஒன்று போட்டேன். ஸ்கேல் பேர்களைச் சீட்டாக எழுதிக் குலுக்கி, கைக்கு வந்த நாலை மட்டும் வாசிப்பது. பாட்டுகளுக்குப் பழைய கணக்கே. சைட் ரீடிங் இருபது நிமிஷம், அதுவும் முதலாவது கிரேடு புத்தகத்திலிருந்து. முதலில் தாளத்தைக் கைதட்டுவது, பிறகு பியானோவை அணைத்துவிட்டு நோட்டின் பேரைச் சொல்லிக்கொண்டே விரலை வைப்பது, கடைசியில்தான் சத்தம். தப்பு வந்தாலும் நிற்கக்கூடாது, திரும்பிப் போகக்கூடாது. நான் வாசித்துப் பார்ப்பதெல்லாம் இனி ஹெட்போனில்.

சந்தேகம் மட்டும் போகவில்லை. நன்றாக வாசித்தால் மனப்பாடமோ என்று சட்டென்று வேறு பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஆடிக் கிருத்திகைக் கச்சேரிகளுக்குப் போய்விட்டுத் திரும்பியவர், "வேன்ல உக்காந்து தெனம் படிச்சேன்" என்றார். மூன்றாவது கிரேடு புத்தகத்தைத் திறந்து வைத்தேன். தத்தித் தத்திப் படித்தார், ஆனால் படித்தார். அப்போதும் நான் வேன் டிரைவருக்கு போன் போட்டு விசாரித்தேன். "ஆமாங்க, டோல்கேட்ல தூங்க வுடாம டேஷ்போர்ட்ல தட்டிக்கினு வந்தாரு" என்றார் அவர் எரிச்சலோடு.

தேர்வன்று மூவரும் மின்சார ரயிலில் சென்னை போனோம். நானும் அக்காவும் அறைக்கு வெளியே பெஞ்சில். கதவு வழியே பாட்டுகள் மூன்றும் அழகாகக் கேட்டன. ஸ்கேலில் ஒன்று நின்று, மறுபடி கிளம்பியது. அப்புறம் அமைதி. நடுவில் ஒன்றிரண்டு நோட்டு தொட்டுப் பார்க்கும் சத்தம். பிறகு மாட்டுவண்டி மாதிரி ஒன்று ஊர்ந்து வந்தது. இடது கை ஒரு இடத்தில் வேறு எங்கோ போய் விழுந்தது. நிற்கவில்லை. ஊர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தது.

ரிசல்ட் வந்தபோது பாஸ். சைட் ரீடிங்கில் மட்டும் தொட்டுக்கோ துடைச்சுக்கோ. அக்கா இடுப்பில் கைவைத்து என்னிடம் வந்தாள்.

"இப்பவாச்சும் நம்புறியா அவரை?"

"அன்னிக்கு பெஞ்சிலயே நம்பிட்டேன்கா. அவ்ளோ மோசமா பாவாவால காதால கேட்டு வாசிக்க முடியாது."