சும்மா இருந்த தறி

ரகு சிவப்புப் பேனாவை எடுத்தபோதே சத்யாவுக்குத் தெரிந்துவிட்டது, எந்த வரியில் அது போய் நிற்கும் என்று.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. கொள்முதல் பிரிவில் ரகுதான் பெரியவர். பொங்கலுக்குப் பெண் ஊழியர்களுக்குக் கைத்தறிப் புடவை கொடுப்பதாக முடிவாகியிருந்தது. எண்பது புடவை. முன்னோட்டமாக ஒரே பாவில் நெய்த எட்டுப் புடவைகளை சத்யா ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இப்போது மொத்த ஆர்டருக்கு ஒரு புடவையின் அடக்கவிலையைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள்.

நூல் இருநூற்று நாற்பது. சாயம் நூறு. நீளவாட்டு நூலைப் பாவாக ஓட்டிக் கஞ்சி போட அறுபது. குறுக்கே ஓடும் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்ற அறுபது. நெசவுக் கூலி எண்ணூறு. இதுவரை பேனா அசையவில்லை. அடுத்த வரி: தறி சும்மா இருந்த நாள், இருநூற்று ஐம்பது. பேனா இறங்கியது.

"இன்னாம்மா இது? சும்மா இருந்ததுக்கு நாங்க எதுக்கு துட்டு குடுக்கணும்?"

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார். "சார், நானும் மத்தியானம் சாப்ட்டு சும்மாதான் இருக்கேன். எனக்கும் ஒரு இருநூத்தம்பது போடுங்க." டீ கொண்டுவந்த பெண்மணிகூடச் சிரித்தாள்.

சத்யா சிரிக்கவில்லை. ஒன்பது வருடம் இதே சிப்காட்டில், இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொரு கம்பெனியில், ஷிப்டு கணக்கு எழுதியவள் அவள். அச்சு மாற்றும்போது மிஷின் நிற்கும். அந்த நேரத்தைக் குறித்து வைத்து வாடிக்கையாளர் பில்லில் ஏற்றுவார்கள். ஒருவரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. அதை அவள் சொன்னாள்.

"அது மிஷின். நின்னாலும் வட்டி ஓடும்," என்றார் ரகு.

"எங்க ஊட்ல அடுப்பு ஓடணும் சார்."

ரகு தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வரியை எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் ஆர்டர், இல்லாவிட்டால் விசைத்தறிக்காரன் ஒருவன் இதே மாதிரி ஒன்றை அறுநூறுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று மட்டும் சொன்னார். போகிறபோது இன்னொன்றும் கேட்டார். பரிசுப் பெட்டிக்குள் வைக்க ஒரு அட்டை அடிக்கிறார்களாம். நெசவாளர் தறியில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று வேண்டுமாம், நல்ல வெளிச்சத்தில்.

பஸ்ஸில் ஏறியதும் கோபம் ஏறியது. சிரித்தவர்கள் மேல் இருந்த கோபத்தைவிட, அந்த வரியை எழுதிய தன் கை மேல் இருந்த கோபம் பெரிது. சும்மா இருந்த நாள். யார் வைத்த பெயர் இது?

அவள் ஊர் ஆரணி. பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை. பெரியபாளையம் பக்கத்து ஆரணி. இங்கும் தறி உண்டு, பேர்தான் இல்லை. கல்யாணமாகி வந்து இறங்கிய ஊர். கம்பெனியில் அவள் வேலை பார்த்த பிரிவை மூடியதும், கையில் கிடைத்த பணத்தில் நூல் வாங்கி ஆறு தறிகளுக்குக் கொடுத்தாள். நெய்ததைத் தானே தூக்கிக்கொண்டு போய் விற்றாள். தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'முதலாளியம்மா'. போன தீபாவளிக்கு அவள் கையில் மிஞ்சியது என்னவென்று தெரிந்திருந்தால் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நேராக ஏழுமலை வீட்டுக்குப் போனாள். எட்டுப் புடவையும் அவர் தறியில் நெய்ததுதான். ஏழுமலை தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் மனைவி மோனிகா. பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டை நிறையச் சாம்பல். வேறொரு கடைக்காரருக்கான புதுப் பாவு தறியில் ஏறிக்கொண்டிருந்தது. பழைய பாவின் முனையில் ஓர் இழை, புதுப் பாவின் முனையில் ஓர் இழை, விரலில் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு. பிறகு அடுத்த இழை. புடவை அகலத்துக்கு மூவாயிரத்து நானூறுக்கு மேல் இழை. அத்தனையையும் பிணைத்து முடிக்காமல் ஊடைநூலை இழுத்துப்போகும் ஓடம் ஓடாது.

சத்யா நடந்ததைச் சொன்னாள். ஏழுமலை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அந்த துட்ட உட்ரும்மா. எண்பது பொடவ. ஆறு ஊட்டுக்கும் பொங்கல் வரிக்கும் வேல. இருநூத்தம்பதுக்குப் பாத்துக்கினு ஆர்டர உட்டுட்டா எங்க போறது?"

"அண்ணா, எட்டுப் பொடவைக்கு முன்னால தறி அஞ்சு நாள் நின்னுதுன்னு நீங்கதான சொன்னீங்க? அந்த அஞ்சு நாளும் இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது. சும்மாதான் இருந்தோம். மூணு நாளு பாவு வரல. ரெண்டு நாளு புணைச்சோம்."

சொல்லிவிட்டு அடுத்த இழையை எடுத்தார். மோனிகா தலையைத் தூக்கவே இல்லை.

"ஆமா சத்யா. அவரும் சும்மா இருந்தாரு, நானும் சும்மா இருந்தேன். நூலு தானா எழுந்து போயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சி."

ஏழுமலை சிரித்தார். சத்யாவுக்குச் சுருக்கென்றது. இந்தத் தெருவில் ஓடம் ஓடினால்தான் வேலை. பிணைத்தால் அது சும்மா. முதலாளிகள் காலம் காலமாகப் புடவைக்குக் கூலி கொடுத்தார்களே தவிர பிணைத்ததற்குக் கொடுத்ததில்லை. கொடுக்காததற்குப் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இவர்களும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். அவளும் அதே சொல்லை வாங்கி எழுதிவிட்டாள், கணக்குப் படித்தவள், அதிலும் இருவர் உழைப்பை ஒருவர் உழைப்பாக.

"உனக்கு எவ்ளோ குடுக்குறாங்கக்கா, இதுக்கு?"

"எனக்கா? ஊட்டு வேலைக்கு எவன் குடுப்பான்?"

பிணைத்த இரண்டு நாள் போக மீதி மூன்று நாள் இருந்தது. பாவு ஏன் வரவில்லை? சாயக்காரர் பக்கீர் முகம்மதுக்கு போன் போட்டாள். தாமதம் என்றால் சாயக்காரர் தலையில் போடுவது தெருவின் வழக்கம். பாய் எரிந்து விழுந்தார். கம்பெனிக்காரன் முதலில் கருநீலம் என்றான், அப்புறம் கம்பெனி லோகோவின் நீலம் என்றான், மாதிரிக்கு ஒரு நூல் சிட்டத்தை முக்கிப் படம் அனுப்பினால் மூன்று நாள் பதிலே இல்லை; ஓகே வராமல் நூலைத் தொட்டியில் போட்டு, அவன் வேண்டாம் என்றால் யார் தலையில் கட்டுவது? என் பேர்ல பழியப் போடாதம்மா, உன் போனைப் பாரு என்றார்.

பார்த்தாள். திங்கட்கிழமை அவள் அனுப்பிய படம். வியாழக்கிழமை பதிலாக ரகு போட்ட கட்டைவிரல் குறி. நடுவில் ஒன்றுமில்லை. அந்த மூன்று நாளும் ஏழுமலையின் தறி காத்திருந்தது ரகுவின் ஒரு கட்டைவிரலுக்கு. அதையும் சேர்த்துத்தான் அவர்கள் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் போனபோது தாளில் 'சும்மா' என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் இரண்டு வரி இருந்தது. பாவு பிணைக்க: இரண்டு ஆள், இரண்டு நாள், நாளுக்கு நானூறு, எட்டுப் புடவைக்குப் பிரித்தால் புடவைக்கு இருநூறு. கலர் ஓகேக்குத் தறி காத்த மூன்று நாள்: புடவைக்கு நூற்றைம்பது.

ரகு கூட்டிப் பார்த்தார். "என்னம்மா, கொறைக்கச் சொன்னா நூறு ரூபா ஏத்திக்கினு வந்துக்கீற?"

"போன தடவ தப்பா போட்டுட்டேன் சார். பிணைக்கிறது ரெண்டு பேரு. ஒருத்தரத்தான் கணக்குல வெச்சேன்."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். விசைத்தறியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் சத்யா. ஆனால் அட்டையில் கைத்தறி என்று போடக்கூடாது, ஏழுமலை படமும் கிடைக்காது. அவர் முகம் வேண்டும், அவர் நாள் மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

பக்கத்து மேசைக்காரர் இந்த முறை கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிணைக்கிற கூலியைப் பேசலாம், காத்த நாளெல்லாம் ஆகாது என்று இறங்கி வந்தார் ரகு. சரி, அந்த வரி வேண்டாம் என்றால் இனிமேல் ஒவ்வொரு கலருக்கும் அன்றைக்கே ஓகே கொடுங்கள், கொடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் தறிக்கு நானூறு என்று ஆர்டரிலேயே எழுதுங்கள் என்றாள். அவர் முகம் சிவந்தது. அப்படியெல்லாம் எழுதுகிற வழக்கம் இந்தக் கம்பெனியிலேயே இல்லையாம்.

சத்யா அவர் அனுப்பிய வரைவு ஆர்டரை மேசைமேல் வைத்து, நான்காவது நிபந்தனையில் விரலை வைத்தாள். புடவை ஒரு நாள் தாமதமானால் இவ்வளவு சதவீதம் பிடிக்கப்படும்.

"நாங்க நின்னா வெட்றீங்க. நீங்க நிறுத்துனா ஒண்ணுமில்ல. இது இன்னா சார் நாயம்?"

மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள் என்று சொல்லி எழுந்தாள். வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்து முடித்தாள்.

நாலைந்து நாள் தகவல் இல்லை. தெருவில் பேச்சு கிளம்பியது. முதலாளியம்மா வாயால் ஆர்டர் போச்சு என்றார்கள். ஏழுமலை அவளைக் கண்டதும் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார்; அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. மோனிகா மட்டும் நாஷ்டாவுக்கு இரண்டு இட்லி கொடுத்தனுப்பினாள்.

பிறகு ஆர்டர் வந்தது. எண்பது இல்லை, நாற்பத்தெட்டு. ஆறு தறி, தறிக்கு ஒரு பாவு, எட்டுப் புடவை. மீதியை விசைத்தறிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. பிணைக்கிற இருநூறு இருந்தது. காத்த நூற்றைம்பது இல்லை. தாமதத்துக்கு நானூறு என்ற பேச்சும் இல்லை. அந்த நான்காவது நிபந்தனை மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அதைப் படித்தபோது சத்யாவுக்குத் தாளைக் கிழித்தெறியலாம் போல இருந்தது. கிழிக்கவில்லை. ஆறு வீட்டையும் கூட்டி உள்ளதைச் சொன்னாள். வாக்குவாதம் நடந்தது. முப்பத்திரண்டு புடவை போனதற்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். நான்தான் என்றாள். கடைசியில் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று, ஒரு நிபந்தனையோடு: ஆறு பாவின் கலருக்கும் ஓகே கைக்கு வரும்வரை எந்தத் தறியும் கையில் இருக்கும் வேலையை விட்டு வராது, பாய் தொட்டியைத் தொடமாட்டார். கெடு அந்த ஓகே வந்த நாளிலிருந்து எண்ணப்படும். இதை ரகுவுக்கு எழுதி அனுப்பினாள். கட்டைவிரல் இந்த முறை ஒரு மணி நேரத்தில் வந்தது. ஆறு கலருக்கும் ஓகே மறுநாளே.

ஏழுமலையின் பாவு முதலில் நெய்து இறங்கியது. பிணைக்கிற கூலியில் பாதியை சத்யா மோனிகாவின் கையில் தனியாகக் கொடுத்தாள். ஏழுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மோனிகா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அட்டைக்குப் படம் இன்னும் போகவில்லை என்று ரகு நினைவூட்டினார். சத்யா தறியையும் ஏழுமலையையும் விட்டுவிட்டு, சாம்பல் விரலோடு அடுத்த பாவின் இழைகளுக்குள் குனிந்திருந்த மோனிகாவைப் படம் பிடித்து அனுப்பினாள். உடனே பதில் வந்தது: இவங்க என்ன பண்றாங்க, கீழே என்ன எழுதணும்?

மோனிகாவிடம் படித்துக் காட்டினாள். மோனிகா ஒரு முறுக்கை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சும்மா குந்திக்கினு கீறான்னு போடச் சொல்லு. ரூபாயும் பக்கத்துல போடச் சொல்லு, இருநூறுன்னு."