பிரேக் டிரம்மைக் கட்டிய மாலை

அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு என் கணவர் ஒரு பழைய லாரி பிரேக் டிரம்மை என் மகனின் இடுப்பில் கட்டினார்.

நாமக்கல்லில் எங்களுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. கட்டி முடித்த வண்டி வெளியே போகும் நாளில் பூசை உண்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் உண்டு. வண்டிக்காரரின் சொந்தக்காரர்கள் பொங்கலைத் தின்றுவிட்டு எதற்காவது சிரிக்கக் காத்திருப்பார்கள். அன்று அவர்களுக்குக் கிடைத்தவன் என் மகன்.

கல்லூரி முடித்திருந்தான். கம்பியில் தொங்கி ஏறும் புல்-அப், இணைக் கம்பிகளில் கையூன்றி இறங்கி ஏறும் டிப்ஸ் இரண்டிலும் ஆடாமல், உதைக்காமல் பதினைந்து எடுப்பான். எடை கட்டி எடுக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். சூரமங்கலத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணை அக்கா என்பான். அவள் போட்டுத் தந்த திட்டம் எனக்கே மனப்பாடம். பதினைந்து வருகிறது என்பதற்காகப் பெரிய எடைக்குத் தாவக் கூடாது. ஐந்து கிலோவில் தொடங்கி, சுற்றுக்கு ஐந்து முறையாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்கிறபோதே இறங்கிவிட வேண்டும். சுற்றுக்கு நடுவே மூன்று நிமிட ஓய்வு. வாரத்தில் இரண்டு நாள்தான் எடை. அத்தனையும் சுத்தமாக வந்தால் மட்டும் அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூட்டலாம். நான்காவது வாரம் எடையையும் சுற்றையும் குறைக்க வேண்டும். தசை சீக்கிரம் பலப்படும், தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பாளாம்.

பட்டறையில் அவ்வளவு சின்ன எடை ஏது? தார்ப்பாய்த் துண்டில் பை தைத்து, மணல் போட்டு, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் பத்து கிலோவுக்கு வந்திருந்தான். எனக்கு அதுவே பயம்.

அன்று அவனுக்கு ஓய்வு நாள். பொங்கல் கொடுக்கத்தான் வந்திருந்தான்.

"ஏம் மாப்ள, மணல் மூட்டையக் கட்டிக்கிட்டுத் தொங்கறயாமா?" என்றார் வண்டிக்காரரின் மச்சினர். "சிமெண்ட் வேலைக்குப் போறயாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவருக்கு அது பொறுக்கவில்லை.

"பதினஞ்சு எடுக்கறவனுக்குப் பத்து கிலோ எதுக்குங்க? லோடு ஏத்திப் பாக்காம வண்டியோட தெம்பு எப்படித் தெரியும்? டிரம்ம எடுத்தாங்கடா."

நாற்பது கிலோவுக்குக் குறையாது. "ஏனுங்க, வேண்டாமுங்க" என்றேன். "நீ உள்ள போ" என்றார். மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் சங்கிலியை இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

சேசிஸ் சட்டத்தில் என் கணவரே பற்றவைத்த இணைக் கம்பிகள். முதல் டிப்ஸ் எப்படியோ ஏறிவிட்டான், விசில் அடித்தார்கள். இரண்டாவதில் டிரம் முன்னும் பின்னும் ஆடியது. மேல்கை தரைக்கு இணையாக வந்ததும் நிற்க வேண்டியவன், நிற்க முடியாமல் இன்னும் கீழே போனான். வலது தோளில் ஏதோ தெறித்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்றும் கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் மூட்டு விலகவில்லை என்றார்கள். தசைநார் கிழிந்திருக்கலாம், ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். கையைத் துணித் தூளியில் கழுத்தோடு கட்டினார்கள். வராந்தாவில் நான் கத்தினேன். படித்தவள், வாத்தியார் வேலை பார்ப்பவள் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"உங்க கௌரவத்துக்கு எம் பையன் தோளுதான் கெடச்சுதா? புது வண்டிக்கு மொத நாளே ஓவர்லோடு ஏத்துவீங்களா? வண்டின்னா மட்டும் புத்தி இருக்குதல்ல?"

"ஊரே பாக்குது, மெல்லப் பேசு."

"பாக்கட்டும்! டிரம் கட்டறப்பவும் ஊரு பாத்துச்சல்ல!"

மகன் இடையில் புகுந்தான். "அம்மா, விடும்மா. போட்டிக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்குது. சரியாப் போயிரும்."

எனக்கு அவன்மேலும் ஆத்திரம் வந்தது. ஒரு கையால் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க முடியாதவன் போட்டியைப் பேசுகிறான். அவன் அப்பா உடனே "ஆமா சாமி, ஆயிரும்" என்றார். இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது.

நான் போனில் சொன்னதும் பஸ் பிடித்து, எட்டு மணிக்குமேல் அந்த அக்கா வந்து சேர்ந்தாள். முப்பது வயதுகூட இராது. அவளாவது என் கணவரை நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவரை அவள் பார்க்கவே இல்லை. நேராக என் மகன் முன்னால் போய் நின்றாள்.

"கட்டுனது உங்கப்பா. இறங்குனது யாரு?"

அவன் தூளிக் கட்டை இழுத்துச் சரிசெய்தான்.

"பஸ்ஸுலயே போட்டி நடத்தறவங்களுக்குப் போன் பண்ணி உம் பேர எடுக்கச் சொல்லிட்டேன். இந்த வருசம் உனக்குப் போட்டி கெடையாது."