தங்கையின் மாத்திரை

சென்னையில் கண் சிவந்தால் அது மெட்ராஸ் ஐ. அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. என் தங்கைக்கு முதல் தடவை கண் சிவந்தபோது அம்மா அவளுடைய துண்டைத் தனியாகப் போட்டாள். ஒட்டிக்கொள்ளும் என்று நான் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினேன். ராயப்பேட்டையில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர், சீட்டு ஏதும் கேட்காமல், ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார்.

மெட்ராஸ் ஐ என்றால் வீட்டில் இன்னொருவருக்காவது வரும். எங்களில் யாருக்கும் வரவில்லை. அவளுக்கும் வலது கண் மட்டும்தான். வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. தி.நகரில் ஜாக்கெட் தைக்கும் கடையில் வேலை பார்த்தவள், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று பாதி நாளில் திரும்பி வந்தாள். அதன்பிறகுதான் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே கருவிழி பார்க்கும் டாக்டரம்மா அவள் கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழிமேல் கிளை கிளையாக ஒரு புண் இருந்தது. "காய்ச்சல் வந்தா உதட்டுல கொப்புளம் வருமே, அதே கிருமிதாம்மா. சின்ன வயசுல யாராவது கொஞ்சினப்போ ஒட்டியிருக்கும். நம்மள்ல பாதிப் பேர் உடம்புல இருக்கு. இவங்களுக்குக் கண்ணுக்கு வந்திருச்சு" என்றார். எங்கள் கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாம். சும்மா இருந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றியிருந்தோம்.

களிம்பு போட்டுப் புண் ஆறியது. ஆனால் அந்தக் கிருமி ஊரைவிட்டுப் போகிற விருந்தாளி இல்லை. நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், வெயில், உடம்பு அசதி என்று ஏதாவது சாக்குக் கிடைத்தால் எழுந்து வரும். அவளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் கருவிழி ஓரத்தில் லேசாக ஒரு மங்கல் மிச்சமானது. "இதுவரைக்கும் ஓரத்துலதான் தழும்பு விழுந்திருக்கு. நடுவுல விழுந்தா பார்வையைக் கெடுத்திடும். அதுக்குத்தான் மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கண்ணு நல்லா இருக்கிறப்பவும் போடணும். வருஷக்கணக்குல போடணும்" என்று டாக்டரம்மா சொன்னார். மாத்திரை கிருமியை அழிக்காது, எழுந்து வருவதைக் குறைக்கும், அவ்வளவுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். தங்கை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். கண்ணும் அடங்கிக் கிடந்தது.

அப்போதுதான் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. பெண் பார்த்த அன்றே அவரிடம் நானே சொன்னேன்: கண்ணில் இன்ன தொந்தரவு, இன்ன மாத்திரை, இதை நிறுத்தக் கூடாது. "அதனால இன்னாங்க, கண்ணுக்குத்தானே" என்றார். நல்ல மனிதர் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

நடந்ததை எல்லாம் ஆன பிறகுதான் தங்கை என்னிடம் சொன்னாள். கல்யாணமான புதிதில் நாத்தனார் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கிறாள். மாத்திரை அட்டை அலமாரியில் இருந்தது. "இன்னா மாத்திரம்மா இது, தெனமும் போட்டுக்கினு கீறே?" என்று கேட்டிருக்கிறாள். கண்ணுக்கு என்று தங்கை சொல்லியிருக்கிறாள். நாத்தனார் அட்டையிலிருந்த பெயரை போனில் தட்டிப் பார்த்திருக்கிறாள். போன் என்ன சொல்லும்? அந்தக் கிருமியின் குடும்பத்தில், படுக்கையில் ஒட்டிக்கொண்டு இடுப்புக்குக் கீழே வருகிறதும் ஒன்று உண்டு. அதற்கும் இதே மாத்திரைதான். அவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். படத்தோடு.

அன்று சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, "கண்ணுக்கு மருந்துன்னா கண்ணுல ஊத்துவாங்க. இது இன்னாத்துக்குன்னு போன்லயே போட்டுகீது" என்றாளாம். மாமியார், மருமகள் குடித்து வைத்த டம்ளரை எடுத்துத் தனியாக வைத்தாள், அவ்வளவுதான். அந்த மாமியாருக்கு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் உதட்டில் கொப்புளம் வரும். கல்யாண வேலையின்போதே நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் போனில் தட்டிப் பார்க்கவில்லை.

எல்லாம் தெரிந்த மாப்பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தன் அக்கா எதிரே வாயைத் திறக்கவில்லை. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

மறுநாளிலிருந்து தங்கை மாத்திரையை நிறுத்திவிட்டாள். அட்டையை எல்லோரும் பார்க்கக் குப்பைக் கூடையில் போட்டாளாம். மாத்திரை இல்லாமலும் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்திருக்கிறாள். போனில் நான் கேட்கும்போதெல்லாம், "போட்டுக்கினுதான் இருக்கேன், அக்கா" என்றாள்.

சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. கண் லேசாகத்தான் சிவந்தது, வலி பெரிதாக இல்லை. அதுதான் ஏமாற்றியது. பல தடவை வந்து போனதில் கருவிழியின் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. வலது பக்கம் புகை போட்டாற்போல இருந்ததை, காய்ச்சல் அசதி என்று தள்ளிப்போட்டிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் போய்வந்த தையல் கடையில் தீபாவளித் துணிகள் குவிந்திருந்த நேரம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வாசல் வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்தேன். கருவிழியின் நடுவில் சாம்பல் பூத்திருந்தது.

டாக்டரம்மா பஞ்சைத் திரித்து நுனியால் கருவிழியைத் தொட்டார். தங்கை இமைக்கவே இல்லை.

"மாத்திரை போடுறீங்களா?"

தங்கை தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

இந்தத் தடவை புண் மேலே மட்டும் இல்லை, கருவிழியின் உள்ளேயும் வீங்கியிருந்தது. முதலில் முழு அளவு மாத்திரை. மேல்புண் ஆறிய பிறகு, அந்த மாத்திரையின் காவலில், அளந்து அளந்து ஸ்டீராய்டு சொட்டு. முன்பு கெடுத்த அதே மருந்து இப்போது டாக்டர் கையில் மருந்தாக இருந்தது. வாரக்கணக்கில் ஓடியது. வீக்கம் வடிந்தது. தழும்பு நின்றுவிட்டது. இடது கண்ணை மூடிக்கொண்டால் எதிரே இருக்கும் என் முகம் அவளுக்கு ஒரு நிழல்தான். கருவிழி மாற்றலாமா என்று கேட்டேன். "மாத்தலாம்மா. ஆனா கிருமி நரம்புலதானே இருக்கு? புதுக் கருவிழிக்கும் வரும். கண்ணு ரொம்ப நாள் அமைதியா இருக்கட்டும், அப்புறம் யோசிப்போம். மாத்திரை மட்டும் நிக்கக் கூடாது" என்றார்.

பூ விழுந்த கண்ணோடு அவள் ஈக்காட்டுத்தாங்கலுக்குத் திரும்பினாள். தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற வேலைகூட அவளுக்குக் கொடுக்கவில்லை. போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். நாத்தனாரும் வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "மாத்திர போட்டியாம்மா? மறந்துடப் போற" என்று அவளே தண்ணீரும் அட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் பாவம் பாவம் என்று உச்சுக் கொட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வழியனுப்ப பஸ் ஸ்டாப்வரை தங்கை வந்தாள். அடக்க முடியாமல், "எப்படிடி இவங்களோட இருக்கிற?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். நிஜமாகவே நிம்மதியான சிரிப்பு.

"இப்போ ஒண்ணும் இல்ல, அக்கா. கண்ணுக்குத்தான்னு பாத்தாலே தெரியுதே. யாரும் தப்பா நினைக்கிறதில்ல" என்றாள்.