சிக்கனத்தின் நீலப் புள்ளி

எங்கள் அலுவலகத்தில் அவனுக்குச் சிக்கனம் என்று பெயர். காசில் அவன் தாராளம்தான், டீக்கடையில் நாலு பேருக்கும் அவன்தான் கொடுப்பான். கம்ப்யூட்டர் நிரல் எழுதும்போதுதான் கை சுருங்கும். மற்றவர்கள் பத்து வரியில் எழுதுவதை மூன்றே வரியில் எழுதிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வலைப்பக்கங்களின் நிறமும் எழுத்தும் பார்க்கிற வேலை எனக்கு. எட்டு வருடம் அந்தச் சிரிப்பைச் சகித்திருக்கிறேன்.

அவனுக்கு உறவென்று சொல்ல ஒரு அக்காவும் அக்கா வீட்டுக்காரரும்தான். அம்மா போனபோது அவன் பால் பற்கள் விழாத பையன். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போய் அவனைப் படிக்க வைத்தாள். கல்யாணமாகிப் போனபோதும் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். மாமா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சீர்வரிசையோடு ஒரு மச்சானும் வந்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாரே தவிர, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் அங்கேதான் சாப்பிடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு ஒரு மாமியார் வேற வேணுமா, அக்கா போதும்" என்பான்.

நகரத்துச் சுகாதாரத் துறைக்காக நாங்கள் ஒரு வரைபடம் செய்துகொண்டிருந்தோம். அவசர சிகிச்சை எங்கெங்கே கிடைக்கும் என்று காட்டும் வலைப்பக்கம். அதில் "நான் எங்கே?" என்று ஒரு பொத்தான் வைக்க வேண்டும். அழுத்தினால் ஆள் நிற்கும் இடத்தில் நீலப் புள்ளி விழும், அங்கிருந்து எந்த மருத்துவமனை கிட்டே என்று ஒரு பட்டியல் வரும். அந்த வேலை சிக்கனத்துக்கு வந்தது.

கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் பக்கம் தானாக யாருடைய இடத்தையும் தெரிந்துகொள்ள முடியாது. பிரவுசரைத்தான் கேட்க வேண்டும். பிரவுசர் ஆளைக் கேட்கும், இந்தப் பக்கத்துக்கு உங்கள் இடத்தைச் சொல்லலாமா என்று. சரி என்றால் இடம் வரும். தடு என்றால் பிழை வரும், ஆள் மறுத்துவிட்டார் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதனால் எழுதுகிறவன் இரண்டு வழி வைக்க வேண்டும். கிடைத்தால் என்ன செய்வது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது.

கிடைக்காவிட்டால் "உங்கள் இடம் தெரியவில்லை, தெருப் பெயரை எழுதுங்கள்" என்று முதலில் ஒரு வாசகம் வைத்திருந்தான். ஒத்திகையில் அதைப் பார்த்த எங்கள் மேலாளருக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னப்பா இது, வெறுமையா இருக்கு? வர்றவன் பார்த்துட்டு ஓடிருவான். ஏதாவது காட்டுப்பா."

"தெரியலைன்னா தெரியலைன்னுதானே சார் சொல்லணும்?"

"தெரியலைன்னு சொல்றதுக்கா நம்மளுக்கு வேலை குடுத்திருக்காங்க?"

சிக்கனம் அன்று மதியமே வழி கண்டுபிடித்தான். ஆள் மறுத்தால் நகரத்தின் நடுவே மணிக்கூண்டை மையமாக வைத்து வரைபடத்தைத் திறப்பது. அதில் குற்றமில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதற்குத் தனியாக எழுதாமல், இடம் கிடைத்தால் ஓடும் அதே பகுதிக்கு மணிக்கூண்டின் இடத்தைக் கொடுத்துவிட்டான். ஒரே வரி. அந்தப் பகுதிக்கு வந்தது நிஜ இடமா, வைத்துக்கொண்ட இடமா என்று தெரியாது. அதன் பாட்டுக்கு நீலப் புள்ளியைப் போட்டது, "உங்களுக்கு மிக அருகில்" என்று தலைப்பிட்டது, தூரத்தையும் கணக்குப் போட்டுக் காட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைத்தவனுக்கே அது தெரியவில்லை.

எங்களுக்கும் தெரியவில்லை. அனுமதி கொடுத்துப் பார்த்தோம், மறுத்தும் பார்த்தோம். இரண்டு தடவையும் புள்ளி சரியாகத்தான் விழுந்தது. ஏனென்றால் எங்கள் அலுவலகமே மணிக்கூண்டுக்கு எதிரேதான் இருந்தது.

"மறுத்தாலும் சரியா வேலை செய்யுதே!" என்று மேலாளர் அவன் முதுகில் தட்டினார். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சிரித்தான்.

பக்கம் வெளியானதும் அதை அக்காவின் போனில் திறந்து வைத்துவிட்டு வந்தான். அப்போதுதான் அவர்கள் மேம்பாலத்துக்கு அந்தப் புறம் புதுக் குடியிருப்புக்கு மாறியிருந்தார்கள். யாரையும் தெரியாது, எந்தத் தெரு எங்கே போகும் என்றும் தெரியாது. "தம்பி செஞ்சது" என்று அக்கா அதை எதிர்வீட்டம்மாவிடம் காட்டினாளாம். காட்டும்போது பொத்தானையும் அழுத்தியிருக்கிறாள். பிரவுசர் கேட்டது. அக்கா தடு என்பதை அழுத்தினாள். போன் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்து, பாதி எல்லாம் திருட்டுப் பயல்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே சிக்கனம்தான். ஒரு தடவை தடு என்றால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் ஆளைக் கேட்காமலே மறுத்துவிடும்.

ஒரு நாள் காலை மாமா வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் தாமதமாகும் என்றார்கள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினாள். போனை எடுத்து "நான் எங்கே?" என்று அழுத்தினாள். நீலப் புள்ளி விழுந்தது. பட்டியலில் முதல் மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருப்பதாகக் காட்டியது. பெயரை ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.

"அது மணிக்கூண்டு பக்கம்ல இருக்கு? ரொம்ப தூரம்மா. இந்தப் பக்கம் எனக்கும் புதுசு, யாரையாவது கேட்டுப் பார்க்கலாமா?"

"கிட்டன்னு போட்டிருக்குய்யா. என் தம்பி செஞ்ச மேப்பு, தப்பா இருக்காது. சீக்கிரம் ஓட்டு."

காலை நேரத்து நெரிசலில் மேம்பாலம் ஏறி, நகரத்துக்குள் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது மாமா பேச்சை நிறுத்தியிருந்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் அங்கே இருந்த டாக்டர். அக்கா வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஓர் இதய மருத்துவமனை இருந்தது. எங்கள் வரைபடத்தில் அதுவும் இருந்தது.

இதெல்லாம் சிக்கனத்துக்கு அப்போது தெரியாது. மாமாவை எடுத்த பிறகும் தெரியாது. துக்கம் கேட்க வந்த ஒரு பெண்ணிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்ததைத் தண்ணீர் எடுக்கப் போனவன் சமையலறையிலிருந்து கேட்டான்.

"நான்தான் கொன்னேன். அந்த ஆட்டோக்காரர் தூரம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான்தான் கேக்கல. தம்பி ஒழுங்காத்தான் செஞ்சிருப்பான், படிக்காதவ நான் எதையோ தப்பா அழுத்திட்டேன்."

அவள் அழவில்லை. மாமா போனதிலிருந்தே அழவில்லை, தூங்கவும் இல்லை. கொன்றவளுக்கு அழ என்ன உரிமை என்று நினைத்திருக்கிறாள், பாவி.

சிக்கனம் அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தினான். போன் எதுவும் கேட்கவில்லை. மேம்பாலத்துக்கு அந்தப் புறம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மணிக்கூண்டில் புள்ளி விழுந்தது. பக்கத்தின் அமைப்பைத் திறந்தான். இருப்பிடம், தடுக்கப்பட்டது என்றிருந்தது. அவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அலுவலகம் வந்து யாரிடமும் பேசாமல் எழுதினான். மறுத்தால் புள்ளி கிடையாது, தூரம் கிடையாது, "அருகில்" என்ற சொல் கிடையாது. நகரம் முழுவதும் தெரியும்படி வரைபடம் திறக்கும். மேலே பெரிய எழுத்தில், உங்கள் இடம் எங்களுக்குத் தெரியாது, நீங்கள் தடுத்திருக்கிறீர்கள், தடுத்ததில் தவறில்லை, தெருப் பெயரை எழுதுங்கள் என்று வரும். மனசு மாறினால் பிரவுசரில் எங்கே போய் மாற்றலாம் என்று அதன் கீழே. அனுமதி இருந்தும் இடம் கிடைக்காமல் போனால் வேறு வாசகம், நேரம் கடந்துவிட்டால் மறுபடி முயலச் சொல்லி இன்னொன்று. கை சுருங்காமல் நீளநீளமாக எழுதினான். மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் வெறுமையாக்கிட்டியே."

"வெறுமையாத்தான் சார் இருக்கும்." அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். அந்தக் குரலைக் கேட்டு மேலாளர் தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று மாலை என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். அக்காவிடம் சொல்லப்போவதாகவும் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. "போனவர் வரப் போறாரா? உனக்குன்னு இருக்கிறது அவங்க ஒருத்தங்க. அதையும் கெடுத்துக்கப் போறியா?" என்று கத்தினேன்.

"அவங்க என் பழியைச் சுமந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்றான். "சின்ன வயசிலிருந்து எல்லாத்தையும் அவங்கதான் எனக்காகச் சுமந்தாங்க. இதையுமா?"

போய்ச் சொல்லிவிட்டான். எப்படிச் சொன்னான் என்பதைப் பிறகு அவன் வாயாலேயே கேட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். மாமாவின் சட்டைகள். எதிரே உட்கார்ந்து, தன் நிரலில் இருந்த அந்த ஒரு வரியை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னானாம்.

"அப்ப நான் வேணாம்னு அழுத்துனது தப்பில்லையா?"

"இல்லக்கா. உன் இடத்தைச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். தெரியலைன்னு அதுதான் சொல்லியிருக்கணும். தெரிஞ்ச மாதிரி காட்டிச்சு. அப்படிக் காட்ட வெச்சது நான்."

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். அப்புறம் அழுதாள். சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல், அக்கம்பக்கம் கேட்கும்படி அழுதாள். அவன் கிட்டே போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ போடா."

"அக்கா..."

"உன் மூஞ்சியைப் பார்க்க முடியல. போ."

அவன் வந்துவிட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அக்கா கூப்பிடவில்லை. இவன் போன் செய்தால் எடுப்பதில்லை. போய்க் கதவைத் தட்டுவதற்கு இவனுக்குத் தைரியமில்லை, நானும் தட்டு என்று சொல்லவில்லை. மதியம் டப்பாவைத் திறந்து கடையில் வாங்கிய சோற்றைப் பாதி தின்றுவிட்டு மூடிவைக்கிறான்.

போன வாரம் எதிர்வீட்டம்மாவைச் சந்தையில் பார்த்தானாம். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைக்கூடத் திறக்காமல் சொன்னான்.

"அக்கா இப்ப தூங்குறாங்களாம்டா. ராத்திரி படுத்தா காலையிலதான் எழுந்திரிக்கிறாங்களாம்."

"அது போதும்ல" என்றேன்.

"போதும், போதும்" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான்.