இரண்டு அங்குலம் அதிகம்

காலை பதினொன்றரை மணிக்கு என் மகன் புது முழுக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தான். காலின் அடிப்பகுதி பூட்ஸை மூடித் தரையில் மடிந்து கிடந்தது. மறுநாள் காலை மதுரையில் அவனுக்கு நேர்முகத் தேர்வு. மாலை ரயிலுக்கு இன்னும் சில மணி நேரம்தான். அவனிடம் வேறு நல்ல கால்சட்டையும் இல்லை.

நடந்து காட்டச் சொன்னேன். மூன்றாவது எட்டில் குதிகால் துணியை மிதித்தது. அதிகாரிகள் முன்னால் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று அவனே கேட்டான். என் மனத்தில் அவன் ஏற்கெனவே விழுந்திருந்தான்.

அதைத் தைத்துக் கொடுத்த தையல்காரரைத் தேடி அவர் கடைக்கு ஓடினேன்; அவர் துணி வாங்கக் கடையநல்லூர் போயிருந்தார். மதியத்துக்குள் வந்துவிடுவார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மணியும் ஆனது, அவர் வரவில்லை. என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. கால்சட்டையைக் கழற்றி வாங்கி, ஒரு காலின் மடிப்புத் தையலைப் பிரித்தார். இரண்டு அங்குலம் வெட்டிவிடலாம் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது."

"ஏட்டி, ரயிலு உனக்காவப் பொறுக்குமா?"

வெட்டாவிட்டால் மகன் தடுக்கி விழுவான். வெட்டிய பிறகு குட்டையாகிவிட்டால் கணுக்காலைக் காட்டிக்கொண்டு உட்காருவான். எது சரியென்று எனக்குத் தெரியவில்லை. துணியின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன். நான் விடாமல் இழுத்ததால் அவரால் கத்திரியை நேராக வைக்க முடியவில்லை.

வாசலில் சைக்கிள் நின்றது. தையல்காரர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"கத்திரி படலைல்லா, அண்ணாச்சி?"

படவில்லை என்றதும், பிரித்த மடிப்பைப் பழையபடி மடித்துக் குண்டூசி குத்தி, மகனைத் திரும்பப் போடச் சொன்னார். இடுப்பு தொளதொளத்துக் கால்சட்டை கீழே இறங்கி நிற்க, பெல்ட்டை இறுக்கி அதை மறைத்திருந்தான். அவர் பெல்ட்டை அவிழ்த்து, கால்சட்டையைத் தொப்புள் வரை ஏற்றி, பின்பக்கத் தையலில் அதிகப்படித் துணியைக் கொத்தாகப் பிடித்தார். பின்புறச் சுருக்கங்கள் மறைந்தன. காலும் கூடவே ஏறியது. முன்னால் பூட்ஸின் மேல் லேசாக ஒரு மடிப்பு விழுந்தது. பின்னால் குதிகாலுக்குச் சற்று மேலே நின்றது. அப்படியே நாற்காலியில் உட்காரவைத்து, பின்புறம் இழுக்கிறதா என்று பார்த்தார். தொடையில் தளர்வு இருக்கிறதா என்று துணியைக் கிள்ளினார்; விரலுக்குள் ஓர் அங்குலம் வந்தது.

பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நீளம் சரிதான், அக்கா. அளவெடுத்தன்னைக்குத் தம்பி வெக்கப்பட்டு வேட்டியோட நின்னான், நானும் வேட்டி மடிப்புக்கு மேலயே இடுப்பளவு எடுத்துட்டேன். அதான் இடுப்பு பெருசாயி கீழ எறங்கிட்டு. பின்தையலைப் பிடிச்சு, பிரிச்ச மடிப்பையும் தச்சு, ரயிலுக்கு முன்ன நானே கொண்டாந்து தாரேன்."