எது சரியான உதவி அல்ல

பாளையங்கோட்டையில், நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து பத்திரங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று, பிறப்புச் சான்று என்று தமிழில் வருவதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் வருவதைத் தமிழிலும் எழுதிக்கொடுப்பேன். ஒரு ‘மற்றும்’ வரவேண்டிய இடத்தில் ‘அல்லது’ விழுந்தால் ஒரு குடும்பத்தின் வீடு கைமாறிவிடும். அதனால் சொல்லைத் தொட எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு.

நாங்கள் அக்காள் தங்கை; மூத்தவளான என் ராத்தா இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். மேலப்பாளையத்தில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். கல்யாணம் முடிந்து மச்சானோடு போனவள் கடையில் பேசும் அளவுக்கு ஆங்கிலம் பழகிக்கொண்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் மச்சான் இருந்தார். அவர் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். காரும் அவர்தான் ஓட்டுவார். அவர்களுடைய ஒரே மகன் கல்யாணம் செய்துகொண்டு தூரத்து நகரத்தில் இருந்தான்.

ஒரு நாள் காலையில் மச்சான் சமையலறையில் சுருண்டு விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு முறை உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகவேண்டும். பஸ்ஸில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கி, மழையில் நின்று, ராத்தா அலுத்துப்போனாள். வாசலில் கார் சும்மா நின்றது. ஐம்பது வயதுக்குமேல் கார் ஓட்டப் படிக்கப்போவதாக அவள் போனில் சொன்னபோது நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

அங்கே வண்டியைத் தொட்டு ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு முன்னால் கணினியில் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். சாலை விதிகளைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் வாசித்துக் காட்டும் வசதியெல்லாம் கிடையாது. ராத்தா நூலகத்திலிருந்து பயிற்சிப் புத்தகம் எடுத்துவந்து, போனைப் பக்கத்துக்கு மேல் பிடித்தாள். போனே தமிழாக்கிக் கொடுக்கும் என்று மகன் காட்டிக்கொடுத்திருந்தான். சாலை ஓரத்தில் பழுதான வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பகுதியை அது ‘கடினமான தோள்’ என்றது. வண்டியை நிறுத்துவதை ‘மேலே இழுப்பது’ என்றது. ‘இப்படி இருந்தாலொழிய’ என்று வரவேண்டிய இடத்தில் ‘இப்படி இருந்தால்’ என்று மாற்றிவைத்து, சரியான விடையைத் தப்பாக்கியது. பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, நீ செய்து கொடு என்று கேட்டாள்.

அவளுக்குக் காலை, எனக்கு மத்தியானம். சாப்பாட்டு நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கம் செய்து அனுப்புவேன். முதல் பக்கங்கள் சுலபமாக இருந்தன. தமிழில் கேட்ட கேள்விகளுக்கு ராத்தா ஒன்று விடாமல் சரியாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதே கேள்விகளை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தபோது பாதி தப்பு.

படங்களைப் பெரிதாக்கித் திரும்பப் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருந்தது. ஆங்கிலத்தில் ‘நாட்’ என்ற சிறு சொல் வாக்கியத்துக்கு நடுவில் பதுங்கிக்கிடக்கும். நான் அதை ‘நீங்கள் செய்யவே கூடாதது எது?’ என்று பளிச்சென எழுதியிருந்தேன். ‘மஸ்ட்’ என்றால் சட்டம், மீறினால் குற்றம். ‘ஷுட்’ என்றால் செய்வது நல்லது. இரண்டையும் ‘வேண்டும்’ என்று ஒரே சொல்லில் அடைத்திருந்தேன். சில கேள்விகளில் நாலு விடையுமே சரியான காரியங்களாக இருக்கும். ‘முதலில்’ என்ற ஒரு சொல்தான் ஒன்றைப் பிரித்துக் காட்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், கிளம்பலாம் என்றே கைபோகும்; பச்சை வரும்வரை நிற்க வேண்டும் என்பதுதான் விடை. நான் இதையெல்லாம் அவளுக்காக இளக்கி, விளக்கி, கண்ணியை எடுத்துப்போட்டுவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். தேர்வில் கண்ணியை எடுத்துப்போட யாரும் வரமாட்டார்கள்.

அதன்பிறகு வேறுமாதிரி செய்தேன். ‘மஸ்ட்’ வந்தால் ‘செய்தே ஆக வேண்டும்’, ‘ஷுட்’ வந்தால் வெறும் ‘செய்ய வேண்டும்’. ‘மே’ வந்தால் ‘செய்யலாம்’, அதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை. ஆங்கிலத்தில் இல்லாத விளக்கத்தைத் தமிழில் சேர்ப்பதில்லை. ‘நாட்’தான் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் அதற்கும் ஒரு வழி கிடைத்தது. ‘எது சரி’ என்று வாக்கியத்தை நடத்திக்கொண்டு போய், வாலில் ஒரு ‘அல்ல’வைப் பையப் போட்டுவிடுவது. அவசரக் கண் ‘சரி’யோடு நின்று, விடையைத் தேடப் போய்விடும். ராத்தா ஒவ்வொரு கேள்வியிலும் தமிழில் எந்தச் சொல்லில் விழுந்தாளோ, அதே இடத்து ஆங்கிலச் சொல்லைப் படத்தில் தேடி வட்டம் போட்டு எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் ஏசினாள். பிறகு பழகிவிட்டது. பத்துக்கு ஐந்து என்பது எட்டானது. மச்சான் பக்கத்தில் படுத்துக்கொண்டு, குழறின வாயால் விடை சொல்வாராம். அவர் சொல்வது தப்பாக இருந்தால் இவள் சிரிப்பாளாம்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் விபத்து, முதலுதவி பற்றிய பக்கம் வந்தது. அடிபட்டு அதிர்ச்சியில் கிடப்பவருக்கு எதைச் செய்யக் கூடாது என்று ஒரு கேள்வி. விடைகள்: போர்வையால் மூடுவது, ஆறுதலாகப் பேசுவது, குடிக்கக் கொடுப்பது, பக்கத்திலேயே இருப்பது. நாலுமே அன்பானவர்கள் செய்வதுதான். கூடாதது குடிக்கக் கொடுப்பது.

மச்சான் விழுந்த காலையில் ராத்தா அவர் தலையை மடியில் தூக்கிவைத்துத் தண்ணீர் கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே போனில் சொல்லியிருந்தாள். பாதி உள்ளே போய், பாதி வெளியே வந்து, புரையேறியது என்றும் சொன்னாள். நான் அந்தப் படத்தைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அனுப்பலாம், அவள் கண்டுபிடிக்கமாட்டாள். ஆனால் தேர்வு அறையில் அது தனியாக அவள் முன்னால் வந்து நின்றால்? என்னிடமிருந்தே வரட்டும் என்று தோன்றியது. எழுதினேன்: ‘அதிர்ச்சியில் இருக்கும் காயம்பட்டவருக்கு இவற்றில் எது சரியான உதவி அல்ல?’

அவள் போர்வை என்று பதில் அனுப்பினாள். ‘அல்ல’வைப் பார்க்கவில்லை. நான் போன் செய்து, கடைசிச் சொல்லைப் படி ராத்தா என்றேன். அவளுக்குப் பின்னால் மச்சான் இருமுவது கேட்டது.

“அன்னைக்கு அவுக கேட்டாக, நான் குடுத்தேன்ளா” என்றாள்.

“இது ரோட்டுல அடிபட்டவுகளுக்கு உள்ள கேள்வி ராத்தா. நம்ம மச்சானுக்கு உள்ளது இல்ல.”

“ஆளுதான் வேற. தண்ணி ஒண்ணுதானே.”

மறுநாள் சிகிச்சைக்குப் போனபோது அவள் அங்கிருந்த செவிலியரிடம் கேட்டிருக்கிறாள். பக்கவாதம் வந்தால் விழுங்கும் வலு குறைந்துவிடும், சோதித்துப் பார்க்காமல் எதுவும் கொடுக்கக் கூடாதுதான்; ஆனால் அன்றைய ஒரு மடக்குத் தண்ணீரால்தான் அவர் இப்படி ஆனார் என்பது இல்லை, வாதம் அதற்கு முன்பே வந்துவிட்டது என்று அந்த அம்மாள் நிதானமாகச் சொல்லியிருக்கிறார். ராத்தா அதை எனக்கு அப்படியே ஒப்பித்தாள். அதில் முதல் பாதியை மட்டும்தான் அவள் நம்பினாள் என்று குரலிலேயே தெரிந்தது.

குளிர்காலம் வந்ததும் மச்சானுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மவுத்தானார். மேலப்பாளையத்தில் நாங்கள் வீடு நிறைய உட்கார்ந்து யாசீன் ஓதினோம். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை அங்கன தனியாக் கெடக்குதே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மச்சானின் மையத்தை அடக்கம் செய்ய ஊருக்குக் கொண்டுவர ராத்தா சம்மதிக்கவில்லை. நான் இருக்கிற ஊரிலேயே அவர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய இடத்தில் அடக்கினார்கள்.

தேர்வுக்குக் குறித்திருந்த நாள் இத்தாவுக்குள் வந்தது. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம் அது. மகன் தேர்வை ரத்து செய்துவிடலாம் என்றான். யாரை ஏற்றிக்கொண்டு போகப்போகிறாய் என்றும் கேட்டிருக்கிறான். கெட்ட எண்ணத்தில் இல்லை. ராத்தா ரத்து செய்யவில்லை, தள்ளிவைத்தாள். இத்தாவில் இருந்தபடியே பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினாள். நான் எதையும் கேட்கவில்லை. முன்போலவே கண்ணியோடு எழுதி அனுப்பினேன். சில நாள் விடைக்குப் பதில் அழுகைதான் வரும். அப்போது இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்போம். எங்கள் தெருப் பள்ளிவாசலில் வாங்கு சொல்வது அவளுக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

இத்தா முடிந்து தேர்வு எழுதினாள். தேறினாள். முதலுதவி பற்றி ஒரு கேள்வி வந்ததாம். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வில் முதல் முறை தோற்று, இரண்டாம் முறை தேறினாள்.

மச்சானின் காரை விற்காமல் வைத்திருக்கிறாள். அவரை அடக்கிய மையவாடிக்கு பஸ் கிடையாது. எங்கள் ஊரில் பெண்கள் கபருக்குப் போகிற வழக்கம் இல்லை. அங்கே போகிறார்கள், யாரும் தடுப்பதில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், வேலிக்கு வெளியே நிறுத்தி, வண்டிக்குள் இருந்தபடியே கையேந்தித் துஆ செய்துவிட்டுத் திரும்பிவருகிறாள்.

சென்ற வாரம் அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது.

“கண்ணாடியத் தொடைக்கித கம்பி போட்டாத்தான் அவுக எடம் தெரியுது. அது ஓடுத சத்தத்துல துஆ கேக்குமா, கேக்காதான்னு யோசிக்கேன்” என்றாள்.

கேட்கும் ராத்தா என்றேன். சரி, வண்டியை எடுக்கிறேன், ஓட்டும்போது பேசக் கூடாது என்று சொல்லிப் போனை வைத்தாள்.