காலி லயத்து இருமல்

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவமாதுவாக வேலை பார்த்தபோது நடந்தது இது. அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இரண்டு லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒன்றில் ஆட்கள் இருந்தார்கள். மற்றதன் பின்னால் மண் பிளந்திருந்ததால், மண்சரிவு அபாயம் என்று சொல்லி எல்லோரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். ஆட்கள் போன பிறகும் ஒவ்வொரு குடும்பமும் இருந்த அறையின், காம்பராவின், கதவுகள் அப்படியே இருந்தன. காற்று அடித்தால் ஒன்று மாற்றி ஒன்று திறந்து மூடும். மலைப்பனியாகப் புகார் இறங்கிவிட்டால் சத்தம் மட்டும்தான் கேட்கும், லயம் தெரியாது.

ஆட்கள் இருந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு இளம் தாய் இருந்தாள். அவளுடைய கைக்குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் போட்ட ஊசியோடு சரி. இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதம் என்று போட வேண்டிய எதுவும் போடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய மூத்த பெண் குழந்தை தடுப்பூசி போட்ட அன்றிரவே இறந்துபோனது. பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு என்று டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அவள் காதில் அது ஏறவில்லை.

நான் பலமுறை அவள் கதவைத் தட்டியிருக்கிறேன். உள்ளே சீலைத் தொட்டில் ஆடும் கயிற்றுச் சத்தம் கிறீச் கிறீச்சென்று கேட்கும். நான் தட்டியதும் நின்றுவிடும். பிறகு கதவுக்கு மிக அருகில், என் முகத்துக்கு நேரே இருப்பதுபோல, அவள் குரல் வரும்.

"வீட்ல யாரும் இல்லீங்க மிஸ்."

கிளினிக் நாளைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் கயிறு மறுபடியும் ஆடத் தொடங்கும்.

அந்த மாதக் கிளினிக் வழக்கம்போலப் பழைய புள்ளக்காம்பராவில் நடந்தது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் ஒரு காலத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம். கூரைக் கட்டையில் தொட்டில் கொக்கிகள் வரிசையாக இன்னும் தொங்கின. வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும் என்று தெரிந்ததால், சுகாதாரப் பணிமனையிலிருந்து வந்த நர்சிங் சிஸ்டர் மருந்துக் குளிர்ப்பெட்டியை அவசர அவசரமாக அடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பதுளைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசுவார். தாய்மார்கள் போர்வைக்குள் குழந்தைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

குளிர்ப்பெட்டியைத் திறந்து ஐஸ் பேக் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினேன். உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். சத்தமே இல்லை. கல்லாக இருந்தது, மேலே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, வியர்த்து, உள்ளே நீர் ஆடத் தொடங்கிய பிறகுதான் மருந்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த அவசரத்தில் அது நடக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே காட்டியது.

சிஸ்டர் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஐங்கூட்டு மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். லேசான பால் நிறம். எப்போதும் இருப்பதுபோலத்தான் இருந்தது. குப்பியின் லேபிளில் இருக்கும் வட்டமும் நல்ல நிறத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த வட்டம் சூட்டை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். குளிரில் உறைந்து செத்துப்போன மருந்தை அது சொல்லாது.

"சொட்டு மருந்துக்கு உறைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. இந்த ஊசி மட்டும் இன்னைக்கு யாருக்கும் வேணாம்" என்றார் சிஸ்டர்.

அந்த நேரத்தில் வாசலில் இருந்த புகாரிலிருந்து கடைசிக் காம்பராத் தாய் வந்து நின்றாள். குழந்தையை மார்போடு இறுக்கிக் கட்டியிருந்தாள். கண்கள் தூங்காத கண்கள்.

"போட்டுவிடுங்க மிஸ்" என்றாள். "இப்பவே போட்டுவிடுங்க."

எத்தனை மாதம் காத்திருந்த வார்த்தை அது! என் கையில் இருந்ததோ போடக்கூடாத மருந்து.

"இன்னைக்கு முடியாது. மருந்து உறைஞ்சிருச்சுன்னு சந்தேகமா இருக்கு. போட்டா புள்ளைக்குப் பாதுகாப்பு கெடைக்காது, போட்டாச்சுன்னு நாமதான் நம்பிக்கிட்டு இருப்போம். நல்ல மருந்து கொண்டாந்து போடுறேன். ஏன் இப்ப திடீர்னு வந்தீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"காலி லயத்துல ஒரு புள்ள இருமுது மிஸ். மூச்சே விடாம இருமும். அப்புறம் கூவுற மாதிரி ஒரு சத்தம். ஏம் பெரிய புள்ளைதான் தம்பியைக் கூப்புடுதுன்னு நெனச்சேன். ஊசி போட்டா விட்டுருவாளோன்னுதான் வந்தேன்."

பெஞ்சில் இருந்த பெண்கள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஆனால் சிஸ்டர் எழுந்துவிட்டார்.

"கூவுற மாதிரியா? இருமி முடிச்ச பிறகா?"

நானும் சிஸ்டரும் அவளோடு மேலே ஏறினோம். காலி லயத்தின் முன்னால் காட்டுப்புல் இடுப்பளவு நின்றது. கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு கதவு மட்டும் அசையவில்லை. அதன் பின்னால்தான் இருமல் தொடங்கியது. விடாமல், ஒன்றின் மேல் ஒன்றாக. இடையில் மூச்சுக்கு இடமே இல்லை. பிறகு ஒரு அமைதி. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. கடைசியில் மூச்சு உள்ளே இழுபடும் நீண்ட கூவல். பறவையின் குரலும் இல்லை, மனிதக் குரலும் இல்லை.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் கதவைத் தள்ளினேன். உள்ளே ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வெரட்டிராதீங்க மிஸ்" என்றாள்.

அடுப்புப் பக்கத்தில் சாக்கில் ஒரு சின்னப் பெண் குழந்தை. உதடு நீலம் பாரித்திருந்தது. இறக்கிவிடப்பட்ட குடும்பம். தங்கியிருந்த உறவுக்காரர் வீட்டில் இடமில்லாமல் இரகசியமாகத் திரும்பி வந்திருந்தார்கள். இடம் மாறி மாறிப் போனதில் குழந்தைக்குத் தடுப்பூசியும் பாதியில் நின்றிருந்தது.

"குக்கல். இந்த ஊசி தடுக்குற கக்குவான் இருமல்தான்" என்றார் சிஸ்டர். தோட்டத்து லொறியில் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

லொறி போன பிறகு கடைசிக் காம்பராத் தாய் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவங்க இந்த ஞாயித்துக்கெழமதான் வந்தாங்களாம் மிஸ். நான் அதுக்கு முன்னாடியிருந்தே கேக்குறேன்."

நான் அவளைப் பார்த்தேன். பொய் சொல்லும் முகம் இல்லை அது. இன்றுவரை அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

எங்கள் மருந்து உறைந்ததுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, பணிமனையில் சிஸ்டர் அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து, உருகியதும் எங்கள் குப்பிகளோடு சேர்த்து நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தார். நல்ல மருந்து என்றால் மெதுவாகத்தான் தெளியும். எங்கள் குப்பிகள் உறைந்த குப்பியோடு ஒரே வேகத்தில் அடியில் படிந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டோம்.

இருமல் கேட்கும் தூரத்தில் இருந்த கைக்குழந்தையை டாக்டர் பார்த்தார். குக்கல் தொற்றியிருந்தால் ஊசி உடனே காப்பாற்றாது என்று, முதலில் குடிக்க மருந்து கொடுத்தார். அந்த வாரமே தனியாக ஒரு கிளினிக் வைத்தோம். ஐஸ் பேக்குகளை நானே ஆட்டிப் பார்த்து அடுக்கினேன். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது, பிறகு முலையைத் தேடியது. கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னோம். எழுந்து போகலாம் என்று சொன்ன பிறகும் அவள் போகவில்லை. குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடி இருட்டப்போகும்வரை அங்கேயே இருந்தாள். நானும் இருந்தேன்.

"காய்ச்சல் வருமா மிஸ்?"

"லேசா வரலாம். வந்தா பயப்பட வேணாம். பால் குடிக்காட்டியோ, மயங்கின மாதிரி இருந்தாலோ ஒடனே கூப்புடுங்க. நான் வருவேன்."

மறுநாள் காலையில் போனேன். முதல் தடவையாகக் கதவு திறந்திருந்தது. குழந்தை என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. அவள் சிரித்தாள்.

தவறிய ஊசிகளை உரிய இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போன பெண் குழந்தையும் நெடுநாள் இருமிப் பிழைத்தது. அதற்கு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தோம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. அந்தக் குடும்பத்துக்குக் கீழ் டிவிசனில் ஒரு காம்பரா கிடைத்தது. காலி லயத்தை அடுத்த மழையில் மண் மூடிவிட்டது.